சபைகூடல் உரை: வாளிக்குள் விழும் கை



கைகழுவுதல் பற்றிச் சபைகூடலில் பேச ஐந்தாம் ஆண்டு மாணவிக்கு ஓர் உரை வேண்டும் என்று கெடாவில் உள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். "சுத்தம் சுகம் தரும் என்று தொடங்கும் உரை எங்களிடம் நிறைய இருக்கிறது. பிள்ளைகள் கைதட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் ஏதாவது ஒன்றை மாற்றும்படி எழுதுங்கள்" என்பது அவருடைய வேண்டுகோள். அவர் கேட்டது நியாயமானது. ஐந்து நிமிட உரையில் பத்துச் செய்திகளைச் சொன்னால் ஒன்றும் நிற்காது. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ஒரே ஒரு செய்தியை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்: குழாயில் நல்லதாக வந்த தண்ணீர், வீட்டு வாளிக்குள் வந்த பிறகு எப்படிக் கெடுகிறது?

இந்தக் கேள்வி கெடாவுக்கு மிகவும் பொருந்தும். சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் வட்டாரங்களில் தண்ணீர் தடைபடும் என்று அறிவிப்பு வந்தால் முதல் வேலையாக வாளிகளை நிரப்புகிறோம். தோட்ட லயங்களில் நீர் அழுத்தம் குறைந்து, விடியற்காலையில் பிடித்து வைத்தால்தான் உண்டு என்ற நிலையைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் இது இன்னும் கடுமையாகிறது. 2010 நவம்பரில் கெடாவிலும் பெர்லிசிலும் பெருவெள்ளம் வந்தபோதும், 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் பகுதியில் மலையிலிருந்து நீரும் சேறும் மரங்களும் அடித்துக்கொண்டு வந்து மூவர் உயிரிழந்தபோதும், வீடுகளுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது குடிக்கத் தகுந்த தண்ணீர். அப்படிக் கிடைக்கும் தண்ணீர் லாரியிலிருந்து வந்தாலும் குழாயிலிருந்து வந்தாலும் கடைசியில் ஒரு பாத்திரத்தில்தான் தங்குகிறது. அந்தப் பாத்திரத்தைத்தான் நாம் கவனிக்கப்போகிறோம்.

வேலூரும் கல்கத்தாவும் சொன்னது

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வீடுகளில் சேமித்து வைத்த குடிநீரைச் சோதித்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிடித்த அன்று எடுத்த நீரையும், சில நாள் வீட்டில் இருந்த நீரையும் ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில், சேமித்து வைத்திருந்த நாள்களில் நீரின் அசுத்தம் கூடியிருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் மட்டும் அசுத்தம் குறைந்திருந்தது. பித்தளையில் உள்ள செம்பு மெல்ல மெல்ல நீரில் கரைந்து கிருமிகளைக் கொல்கிறது. பாட்டி தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த பித்தளைக் குடத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருந்திருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதற்குள் ஒருவர் கையை விட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அதற்கும் முன்பே கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் காலரா நோயாளி இருந்த குடும்பங்களிடையே ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 1986இல் வெளிவந்தது. சில குடும்பங்களுக்குச் 'சொராய்' எனப்படும் குறுகிய கழுத்துள்ள மண்கூஜாவைக் கொடுத்தார்கள். அதற்குள் கையோ குவளையோ நுழையாது, சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். வழக்கமான அகன்ற பாத்திரத்தையே பயன்படுத்திய குடும்பங்களோடு ஒப்பிட்டபோது, சொராய் வைத்திருந்த குடும்பங்களில் மற்றவர்களுக்குக் காலராக் கிருமி தொற்றியது சுமார் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பாத்திரத்தின் வாய் அகலம் மாறியதுதான் இவர்களுக்கிடையே இருந்த முக்கிய வேறுபாடு.

அப்படியானால் கைகழுவுதலும் தண்ணீர் சேமிப்பும் தனித்தனிப் பாடங்கள் அல்ல. கழிவறையிலிருந்து வந்த கை வாளிக்குள் போகிறது, வாளியிலிருந்து எல்லாருடைய வாய்க்கும் போகிறது. இந்தப் பாதையை இரண்டு இடங்களில் வெட்டலாம். கையில் சவர்க்காரம் போட்டு ஒரு வெட்டு, வாளிக்கு மூடியும் குழாயும் போட்டு இன்னொரு வெட்டு. ஒன்று தவறினாலும் மற்றது காப்பாற்றும். மாணவியின் உரை இதை மட்டும் சொன்னால் போதும்.

மாணவர் உரை

"மதிப்புக்குரிய தலைமையாசிரியர், ஆசிரியர்கள், என் அன்புத் தோழர்களே, அனைவருக்கும் காலை வணக்கம்.

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் குடிநீர் எடுக்க வாளிக்குள் குவளையை விடும்போது, உங்கள் விரல் நீரில் படுகிறதா? படும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள். என் கையும் தூக்கியே இருக்கிறது.

இதோ என் முன்னால் ஒரு வாளி இருக்கிறது. அதில் தெளிவான தண்ணீர். என் விரலில் துளி எண்ணெயும் மஞ்சள் தூளும் தடவியிருக்கிறேன். இந்த மஞ்சளைக் கிருமி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போதுதான் கழிவறையிலிருந்து வந்தேன், கையை வெறும் தண்ணீரில் நனைத்தேன். பாருங்கள், மஞ்சள் போகவில்லை. இப்போது தாகம் எடுக்கிறது. குவளையை வாளிக்குள் விடுகிறேன். தண்ணீரின் மேல் என்ன மிதக்கிறது? மஞ்சள். இந்த வாளியில்தான் என் தம்பியும் தாத்தாவும் குடிக்கப்போகிறார்கள்.

உண்மையான கிருமி இப்படி மஞ்சளாகத் தெரிந்திருந்தால் நாம் யாரும் குடிக்கமாட்டோம். அது தெரியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், மணமும் இருக்காது. அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

இப்போது அதே கையில் சவர்க்காரம் போடுகிறேன். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண். இருபது வரை நிதானமாக எண்ணுவோம், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள். இப்போது என் தோழி மேலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். மஞ்சள் போய்விட்டது. எண்ணெய் தண்ணீரோடு சேராது, சவர்க்காரம் இரண்டையும் சேர்த்துக் கழுவிவிடும். கையில் உள்ள பிசுக்கில்தான் கிருமி ஒட்டியிருக்கிறது. பிசுக்கு போனால் அதுவும் போகும்.

எப்போதெல்லாம் கழுவ வேண்டும்? கழிவறைக்குப் போய் வந்த பிறகு. தம்பி தங்கைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு. சாப்பிடுவதற்கு முன்பு. சமைப்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்பு. இந்த நான்கை மறக்கவேண்டாம்.

அடுத்து வாளி. இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்வோம். முதலாவது, குடிநீருக்குத் தனிப் பாத்திரம். குளிக்கும் வாளியில் குடிநீர் வேண்டாம். இரண்டாவது, அதற்கு ஒரு மூடி. பல்லி, தூசி, கொசு ஆகியவற்றோடு நம் கையையும் மூடி தடுக்கும். மூன்றாவது, கை உள்ளே போகாமல் தண்ணீர் எடுக்க ஒரு வழி. கீழே குழாய் வைத்த பாத்திரம் இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் குறுகிய வாய் உள்ள குடத்திலிருந்து சாய்த்து ஊற்றலாம். அதுவும் இல்லாவிட்டால் நீண்ட பிடியுள்ள கரண்டி ஒன்றை ஆணியில் மாட்டி வைத்து, அதால் மட்டும் முகக்கலாம். முகந்த பிறகு கரண்டியை வாளியின் மேல் வைக்கக்கூடாது, கீழேயும் வைக்கக்கூடாது. ஆணியிலேயே மாட்ட வேண்டும்.

தோழர்களே, வயிற்றுப்போக்கு வந்தால் நமக்கு இரண்டு நாள் பள்ளி விடுமுறை, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். கைக்குழந்தைக்கு அப்படியில்லை. சின்ன உடலில் தண்ணீர் குறைவு. அது வேகமாக வற்றும். நம் வீட்டுக் குழந்தைக்கு அது வரக்கூடாது என்றால், நம் விரல் வாளிக்குள் போகக்கூடாது.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்."

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

இந்த உரையின் உயிர் மஞ்சள் செய்முறையில் இருக்கிறது. அதை முதல்நாள் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். கால் தேக்கரண்டி மஞ்சள் தூளைச் சில துளி சமையல் எண்ணெயில் குழைத்து விரல் நுனிகளில் மட்டும் தடவுங்கள். அதிகம் தடவினால் தண்ணீர் முழுக்கக் கலங்கி, மிதக்கும் படலம் தெரியாமல் போய்விடும். எண்ணெய் இல்லாமல் வெறும் மஞ்சளைத் தடவினால் தண்ணீரிலேயே பாதி போய்விடும், அப்புறம் சவர்க்காரத்தின் வேலை விளங்காது. வாளி வெள்ளையாகவோ உள்ளே தெரிவதாகவோ இருப்பது நல்லது. பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் இரண்டு மூன்று பேரை முன்னால் அழைத்து, அவர்கள் கண்டதைச் சொல்லச் சொல்லலாம்.

இன்னொரு விஷயம் பலரைத் திடுக்கிட வைக்கும். கட்டிச் சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் சட்டென்று செந்நிறமாக மாறும். சவர்க்காரத்தின் காரத்தன்மையால் ஆரத்தி நீர் சிவப்பதைப் போன்றதுதான் இது. சிறு பிள்ளைகள் இரத்தம் என்று பயந்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதுவே நல்ல வேடிக்கையாகிவிடும். மஞ்சள் கறை நகத்தில் கொஞ்சம் தங்கும். அதைக் காட்டி, நகம் வளர்த்தால் கழுவியும் போகாது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கையைக் கழுவும்போது கிண்ணத்தில் முக்கிக் கழுவுவதா, ஊற்றிக் கழுவுவதா என்பதையும் காட்டுங்கள். மலாய் நண்பர்களின் கெண்டூரி விருந்தில் 'கெத்தோர்' என்னும் கெண்டியிலிருந்து கையில் நீர் ஊற்றுவார்கள், அழுக்கு நீர் கீழே உள்ள தட்டில் விழும். முன்னால் கழுவியவரின் அழுக்கு அடுத்தவர் கையில் படுவதில்லை. ஒரே கிண்ணத்தில் நால்வர் கை நனைப்பதைவிட இது எவ்வளவோ மேல். தண்ணீர் இல்லாத நாளிலும் இதே முறை உதவும். ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றின் மூடியில் இரண்டு மூன்று துளையிட்டுத் தலைகீழாகச் சாய்த்தால், ஒரு கை கழுவ அரை லிட்டருக்கும் குறைவாகவே செலவாகும். தண்ணீர் தட்டுப்பாடு என்பதால் முதலில் நின்றுபோவது கைகழுவல்தான். அந்தப் போத்தல் கழிவறை வாசலில் தொங்கட்டும், பக்கத்தில் சவர்க்காரம் இருக்கட்டும்.

எந்தச் சவர்க்காரம் என்றும் கேட்பார்கள். கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வில், சவர்க்காரம் கொடுத்து வாரந்தோறும் கைகழுவலை வலியுறுத்திய வீடுகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்தது. கிருமிநாசினி கலந்த சவர்க்காரமும் சாதாரண சவர்க்காரமும் ஒரே பலனைத் தந்தன. ஆகவே விலை குறைந்த கட்டிச் சவர்க்காரமே போதும்.

பெற்றோர் கேட்கும் இரண்டு கேள்விகள்

"வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், பிறகு எதற்கு இதெல்லாம்?" என்பது முதல் கேள்வி. காய்ச்சுவது நல்ல முறை. நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்தாலே கிருமிகள் இறந்துவிடும். ஆனால் காய்ச்சிய நீருக்குப் பாதுகாப்பு எதுவும் மிச்சமில்லை. ஆறவைத்த ஜாடிக்குள் ஒரு விரல் பட்டால், அந்தக் கிருமியைத் தடுக்க அதில் ஒன்றும் கிடையாது. குழாய் நீரில் சிறிதளவு குளோரின் மிச்சம் இருக்கும்படி சுத்திகரிப்பு நிலையம் சேர்க்கிறது. அது வழியில் வரும் கிருமிகளைச் சமாளிக்கத்தான். காய்ச்சும்போதும், திறந்த வாளியில் நாள்கணக்கில் வைக்கும்போதும் அந்தக் குளோரின் வெளியேறிவிடும். அதனால் காய்ச்சிய நீரைக் காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவையுங்கள். வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் அது கழுவிக் காய்ந்ததாக இருக்கட்டும்.

"வெள்ளத்தின்போது காஸ் இல்லை, காய்ச்ச முடியாது, என்ன செய்வது?" என்பது இரண்டாவது கேள்வி. அப்போது வீட்டில் துணி வெளுக்கும் குளோரின் திரவம் கைகொடுக்கும். ஆனால் வாசனை, நிறம், கெட்டியாக்கும் பொருள் எதுவும் சேர்க்காத, ஐந்து அல்லது ஆறு விழுக்காட்டு வெளுப்பானாக அது இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு 2 துளி. 20 லிட்டர் வாளிக்கு 40 துளி, அதாவது ஏறக்குறைய 2 மில்லிலிட்டர். அது ஒரு தேக்கரண்டியில் பாதிக்கும் குறைவு. கலக்கி மூடி அரைமணி நேரம் வையுங்கள். பிறகு முகர்ந்து பார்த்தால் இலேசான குளோரின் மணம் வர வேண்டும். மணம் வராவிட்டால் அதே அளவை மறுபடி சேர்த்துக் கால்மணி நேரம் பொறுங்கள். அப்போதும் மணமில்லையென்றால் திரவம் பழையதாகி வலுவிழந்திருக்கலாம், அல்லது தண்ணீர் மிக அழுக்காக இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

கலங்கல் நீரில் குளோரின் வேலை செய்யாது. சேற்றோடு சேர்ந்தே அது தீர்ந்துபோகும். முதலில் தெளியவிட்டு, மடித்த சுத்தமான துணியில் வடிகட்டி, அளவை இரட்டிப்பாக்குங்கள். பெட்ரோல், பூச்சிமருந்து, உரம் கலந்த வெள்ளநீரை எந்தக் குளோரினும் எந்தக் கொதியும் சரிசெய்யாது. தோட்ட உரக்கிடங்கு மூழ்கிய இடத்தின் நீரைக் குடிப்பதற்காகத் தொடவே கூடாது. பிள்ளைகளுக்கு வெளுப்பானைக் கையாளும் வேலையையும் கொடுக்காதீர்கள். அது பெரியவர்களின் வேலை.

வாளி செய்ய முடியாதது

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். உடைந்த குழாயைச் சவர்க்காரம் அடைக்காது. தோட்ட வேலையாட்களுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் வேலையாட்கள் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. நாள்கணக்கில் தண்ணீர் வராத லயத்தின் குறையைப் பிள்ளையின் கையில் சுமத்தக்கூடாது. அதை நிர்வாகத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் எழுத்தில் கேட்க வேண்டும்.

அதேபோல், ஒரே லயத்தில் அல்லது ஒரே வகுப்பில் மூன்று நான்கு பேருக்கு ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் அது வாளியின் கதையாக மட்டும் இருக்காது. பொதுத் தொட்டியிலோ சிற்றுண்டிச்சாலையிலோ பொதுவான காரணம் இருக்கலாம். உடனே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். காலரா, டைபாய்டு, நச்சுணவு ஆகியவை 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட வேண்டியவை. அறிவித்தால்தான் அதிகாரிகள் வந்து நீர் மாதிரி எடுப்பார்கள். பள்ளியின் பெயர் கெட்டுவிடுமே என்று தயங்கினால் அடுத்த வகுப்பும் படுத்துவிடும்.

தடுத்தும் நோய் வந்துவிட்டால், உப்புச் சர்க்கரைக் கரைசல் முதல் மருந்து. கிளினிக்கில் தரும் பொட்டலத்தின் மீது எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருப்பதைப் படித்து அந்த அளவிலேயே கரையுங்கள். பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடலாம். உப்பு கூடிவிடக்கூடாது, கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். வாய்வழிச் சிறுகச் சிறுக, தேக்கரண்டியால் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்து, சிறுநீர் நின்று, குடிக்கக்கூட முடியாமல் துவண்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ கரைசலை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

உரை முடிந்த அன்று மாலை ஆசிரியை ஒரு சின்ன வேலை கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலுள்ள குடிநீர்ப் பாத்திரத்தைப் பார்த்து மூன்று கேள்விக்கு ஆம், இல்லை என்று எழுதி வரட்டும்: மூடி இருக்கிறதா? கை படாமல் எடுக்க முடிகிறதா? கழிவறைக்குப் பக்கத்தில் சவர்க்காரம் இருக்கிறதா? ஒரு மாதம் கழித்து அதே மூன்றையும் மறுபடி எழுதச் சொல்லுங்கள். 'இல்லை' எத்தனை 'ஆம்' ஆனது என்று எண்ணினால், உரை வீடுவரை போனதா என்று தெரிந்துவிடும்.